சனிக்கிழமைப் பட்டுவாடா: கொத்தனார், சித்தாள் கூலியை முன்பணம் கழித்துக் கணக்கிடுவது எப்படி?

கொடுங்கையூரில் ஒரு மாடி வீட்டு வேலைக்கு நான் முதன்முதலாகக் கூலிக் கணக்கு எழுதிய வாரம் இன்றும் நினைவில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை கணக்குப் போட்டேன். மொத்தம் சரியாக வந்தது, வீட்டுக்காரர் கொடுத்த பணமும் சரியாக இருந்தது. ஐந்து பேருக்கும் பட்டுவாடா செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சித்தாள் அக்கா என்னை நிறுத்தினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சனிக்கிழமை நான் கொடுத்த தாள்களை அப்படியே விரித்துக் காட்டினார். "தம்பி, முன்பணம் என்று ஒரு ரூபாய்கூட நான் வாங்கவில்லை. என் கூலியில் ஏன் 500 ரூபாய் பிடித்தீர்கள்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். வேலை தொடங்கும்முன் மேஸ்திரி மொத்தமாக ஒரு முன்பணம் வாங்கியிருந்தார். அந்த வாரத் தவணையை நான் ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கிட்டுப் பிடித்துவிட்டேன். மொத்தத் தொகை இதனால் மாறவில்லை, அதனால் தவறு என் கண்ணில் படவில்லை. கூலிக் கணக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: அடியில் மொத்தம் சரியாக இருந்தும் ஒவ்வொருவர் கையிலும் போன தொகை தவறாக இருக்கலாம். அதே வாரத்தை இங்கே முறைப்படி போட்டுக் காட்டுகிறேன். நாள் கூலி மட்டும் எடுத்துக்காட்டுக்காக நானாக வைத்தது. உங்கள் இடத்தில் பேசி முடித்த கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள் நோட்டு

கூலிக் கணக்கு சனிக்கிழமை தொடங்குவதில்லை, திங்கள் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. கோடு போட்ட நீள நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டங்கள், கடைசியில் மொத்த நாள். முழு நாளுக்கு 1, அரை நாளுக்கு 0.5, வராதவருக்கு ஒரு கோடு. வராத நாளின் கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். வெற்றுக் கட்டத்தில் பிறகு யார் வேண்டுமானாலும் ஒன்று போட்டுவிடலாம். நீங்களே மறந்துபோய், "எழுதாமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது" என்று நிரப்பவும் கூடும்.

எழுதும் நேரத்தையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காலையில் எல்லோரும் வந்ததும் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை. காலையில் மட்டும் எழுதினால், மதியம் வீட்டுக்குப் போனவருக்கும் முழு நாள் விழும். மாலையில் மட்டும் எழுதினால், காலையில் யார் தாமதமாக வந்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. கணக்கெழுத வந்த முதல் மாதம் நான் வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து ஐந்து நாள் வரவையும் நினைவிலிருந்து எழுதுவேன். அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தகராறுதான்.

எந்த ஆள், என்ன கூலி

வீட்டு வேலைக் குழுவில் சாதாரணமாக மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். செங்கல் கட்டுகிறவர், பூசுகிறவர் கொத்தனார். கலவை போடுவது, மூட்டை தூக்குவது, சாரம் கட்டுவது ஆகிய வேலைகளைச் செய்யும் ஆண் உதவியாளர் பெரியாள். கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கும் பெண் உதவியாளர் சித்தாள். குழுவைக் கூட்டி வருகிற மேஸ்திரி பெரும்பாலும் தாமே ஒரு கொத்தனாராகவும் வேலை செய்வார். கொத்தனார்கள் எல்லோருக்கும் ஒரே கூலி என்று நினைத்துவிடக் கூடாது. கை தேர்ந்தவருக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்தவருக்கும் கூலி மாறும். ஆகவே கூலியை ஆள் வகைக்கு எதிரே எழுதாமல், ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் எழுதுங்கள்.

கூலியை எழுதும்போது ஒரு கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். மேஸ்திரி வீட்டுக்காரரிடம் சொன்ன கூலியும் ஆளிடம் சொன்ன கூலியும் ஒன்றா? ஆளுக்கு இவ்வளவு என்று மேஸ்திரி தம் பங்கை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படியானால் அதை "மேஸ்திரி பங்கு" என்று தனி வரியாக எழுதுங்கள். ஆளின் கூலி வரியில் அவர் கைக்குப் போகும் தொகை மட்டுமே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்து எழுதினால், 900 என்று நோட்டில் படித்த பெரியாள் 850 கையில் வாங்கும் நாளில் உங்களைத்தான் கேட்பார். எங்கள் எடுத்துக்காட்டில் மேஸ்திரி தமக்கு வேலை செய்த கூலி மட்டும் போதும் என்று பேசியிருந்தார், எனவே அந்த வரி இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கான்கிரீட் போடும் நாளில் பெரியாள் தூக்கும் அதே சட்டியைத்தான் சித்தாளும் தூக்குகிறார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் சொன்னது, 2019 ஊதியச் சட்டத்தொகுப்பும் சொல்கிறது. கூலி பேசும் இடத்தில் நீங்கள் இருந்தால், அன்றைய வேலையைப் பார்த்துப் பேசுங்கள்.

எங்கள் குழுவின் நாள் கூலி இப்படி என்று வைத்துக்கொள்வோம்: மேஸ்திரியான மூத்த கொத்தனாருக்கு 1,200, இளைய கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 900, சித்தாள் இருவருக்கும் தலா 700.

நாளை எண்ணுவது

முழு நாள் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாடு. மதியச் சாப்பாடு வரை வேலை செய்தால் அரை நாள். இதில் யாருக்கும் குழப்பம் வராது. குழப்பம் வருவது மழையிலும் இரவு வேலையிலும்தான். இரண்டுக்கும் என்ன முறை என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் பேசி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிடுங்கள்.

வடசென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் இது வாரம் தவறாமல் வரும் கேள்வி. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் புளியந்தோப்பு பக்கமிருந்து வருகிறவர் சுற்றிக்கொண்டு பத்தரைக்குத்தான் வந்து சேர்வார். அவருக்கு அரை நாளா, முழு நாளா? எல்லோரும் நேரத்துக்கு வந்த பிறகு மழை பிடித்துக்கொண்டு, கரண்டியைக் கையில் எடுக்காமலே திரும்பினால் என்ன? நாங்கள் பேசி வைத்திருந்த முறை இது. தாமதமாக வந்தவர் அந்த நேரத்தை மாலையில் ஈடு செய்தால் முழு நாள். வேலை தொடங்கிய பிறகு மழையால் நின்றால், மதியத்துக்கு முன் நின்றாலும் அரை நாள். வேலையே தொடங்கவில்லை என்றால் கூலி இல்லை, பஸ் செலவை மட்டும் வீட்டுக்காரர் கொடுப்பார். உங்கள் குழுவில் வேறு முறையாக இருக்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது அதைப் பேச உட்காரக் கூடாது என்பதே விஷயம்.

இரவு வேலை பெரும்பாலும் கான்கிரீட்டால் வருகிறது. கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டு விழுந்து பலம் குறையும் என்பதால், ஆறு மணியானாலும் போட்டு முடித்துவிட்டுத்தான் இறங்க முடியும். ஆறு மணிக்கு மேல் எட்டரை வரை நின்றவருக்குக் கூடுதலாக அரை நாள் என்று நாங்கள் வைத்திருந்தோம். நின்றவர்களின் கட்டத்தில் 1.5 போட வேண்டும். எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிடாமல், ஒவ்வொருவராகப் பார்த்துப் போடுங்கள்.

அந்த வாரம் நடந்தது இதுதான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஐந்து பேரும் முழு நாள். புதன் மதியம் மழை பிடித்ததால் எல்லோருக்கும் அரை நாள். வியாழன் இளைய கொத்தனார் வரவில்லை. வெள்ளியன்று லிண்டல் கான்கிரீட். மூத்த கொத்தனாரும் பெரியாளும் இரவு எட்டரை வரை நின்றார்கள், இரண்டாவது சித்தாள் மதியத்துக்குப் பிறகுதான் வந்தார். சனிக்கிழமை எல்லோரும் முழு நாள்.

| ஆள் | தி | செ | பு | வி | வெ | ச | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|
| மூத்த கொத்தனார் | 1 | 1 | 0.5 | 1 | 1.5 | 1 | 6 |
| இளைய கொத்தனார் | 1 | 1 | 0.5 | – | 1 | 1 | 4.5 |
| பெரியாள் | 1 | 1 | 0.5 | 1 | 1.5 | 1 | 6 |
| முதல் சித்தாள் | 1 | 1 | 0.5 | 1 | 1 | 1 | 5.5 |
| இரண்டாம் சித்தாள் | 1 | 1 | 0.5 | 1 | 0.5 | 1 | 5 |
| நாள் மொத்தம் | 5 | 5 | 2.5 | 4 | 5.5 | 5 | 27 |

கூலியால் பெருக்கும்முன் ஒரு சோதனை. வலப்பக்கம் மேலிருந்து கீழே கூட்டினால் 27. அடிவரியை இடமிருந்து வலமாகக் கூட்டினாலும் 27. இரண்டும் ஒத்து வராவிட்டால் எங்கோ ஒரு கட்டத்தைத் தவறாகக் கூட்டியிருக்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்காமல் பணக் கணக்குக்குப் போகாதீர்கள்.

உழைத்த கூலி

இப்போது ஒவ்வொருவருடைய நாளையும் அவரவர் கூலியால் பெருக்க வேண்டும். மூத்த கொத்தனாருக்கு 6 நாள், 1,200 வீதம் 7,200. இளையவருக்கு 4.5 நாள், 1,100 வீதம் 4,950. பெரியாளுக்கு 6 நாள், 900 வீதம் 5,400. முதல் சித்தாளுக்கு 5.5 நாள், 700 வீதம் 3,850. இரண்டாம் சித்தாளுக்கு 5 நாள், 3,500. எல்லாம் கூட்டினால் 24,900 ரூபாய். இதுதான் உழைத்த கூலி. முன்பணத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள், வரவும் கூடாது.

இங்கே சிலர் ஒரு குறுக்கு வழி பிடிப்பார்கள். ஐந்து பேரின் கூலிக்கும் சராசரி 920, மொத்தம் 27 நாள், பெருக்கினால் 24,840 என்று முடித்துவிடுவார்கள். உண்மையான தொகைக்கு 60 ரூபாய்தான் குறைவு. இவ்வளவு கிட்டத்தில் வருவதால்தான் இது ஆபத்தானது. கூலி கூடுதலாக உள்ளவரும் குறைவாக உள்ளவரும் ஒரே அளவு நாள் வேலை செய்தால் மட்டுமே சராசரி சரியாக வரும். ஒரு வாரம் மூத்த கொத்தனார் நாலு நாள் வராமல் போகட்டும், சராசரிக் கணக்கு வீட்டுக்காரர் தலையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாக ஏற்றிவிடும்.

முன்பணம்: இரண்டையும் கலக்காதீர்கள்

இனி வருவதுதான் நான் தவறிய இடம். முன்பணம் என்று வாயால் ஒன்றாகச் சொன்னாலும், நோட்டில் அது இரண்டு வகை.

ஒன்று, வேலை தொடங்கும்முன் கொடுத்தது. பள்ளிக் கட்டணமோ, வாடகை பாக்கியோ, ஊரில் ஒரு விசேஷமோ இருக்கும். ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடாமல் இருக்கவும் இதைக் கொடுப்பார்கள். இந்தத் தொகை பெரியது, பல வாரத் தவணைகளில் கழியும். மற்றொன்று, வாரத்தின் நடுவில் வாங்கும் செலவுக் காசு. புதன்கிழமை மாலை, "அண்ணா, அரிசி வாங்க வேண்டும், ஒரு 300 கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது. அந்த வாரம் உழைத்ததிலிருந்தே வாங்குவதால், அதே சனிக்கிழமை முழுவதும் கழிந்துவிடும். இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், செலவுக் காசு தவணைக்குள் புகுந்து பாதி மட்டும் கழியும். அல்லது தவணையைப் பிடித்த நினைப்பில் செலவுக் காசையே விட்டுவிடுவீர்கள்.

எங்கள் வேலையில் மேஸ்திரி 10,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அதை யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்: தமக்கு 4,000, இளைய கொத்தனாருக்கு 3,000, பெரியாளுக்கு 2,000, முதல் சித்தாளுக்கு 1,000. இரண்டாம் சித்தாள் எதுவும் வாங்கவில்லை. நான்கு வாரத்தில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. ஆக, வாரத் தவணை 1,000, 750, 500, 250 என்று மொத்தம் 2,500 வருகிறது.

நானோ 2,500-ஐ ஐந்தால் வகுத்து ஆளுக்கு 500 பிடித்தேன். அதனால் யார் பணம் யாரிடம் போயிற்று என்று பாருங்கள். மூத்த கொத்தனாருக்கு 500 ரூபாயும் இளையவருக்கு 250 ரூபாயும் கூடுதலாகப் போயின. பெரியாளுக்கு மாற்றமில்லை. முதல் சித்தாள் 250 இழந்தார், முன்பணமே வாங்காத இரண்டாம் சித்தாள் 500 இழந்தார். கொத்தனார்களுக்குப் போன 750 ரூபாயும் சித்தாள் இருவரின் கூலியிலிருந்தே போயிருந்தது. குழுவில் குறைவாகச் சம்பாதித்த இருவரும் அவர்கள்தான்.

அதற்குப் பிறகு நான் ஆள் நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தனிக் கணக்கு தொடங்கினேன். முன்பணம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தேதி, வாங்கியது, கழித்தது, பாக்கி என்று நான்கு பத்திகள். முன்பணம் மேஸ்திரி கை வழியாகப் போனாலும், ஆள் வாயால் "வாங்கினேன்" என்று சொன்ன பிறகுதான் அவர் பக்கத்தில் எழுதுவேன். எழுதியதும் அவரிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவேன். யாரும் தம்முடையது என்று ஒப்புக்கொள்ளாத தொகை மேஸ்திரியின் பக்கத்திலேயே நிற்கும், அவர் கூலியிலிருந்தே கழியும். இதற்கு எந்த மேஸ்திரியும் என்னிடம் மறுப்புச் சொன்னதில்லை. எழுதிவைத்தால் அவருக்கும் பாதுகாப்புதானே.

இன்னொரு தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பணத்தைக் கழிக்க நாளைக் குறைக்காதீர்கள். "700 வாங்கியிருக்கிறார், ஒரு நாளைக் கழித்து எழுது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆள் நோட்டில் அவர் வேலை செய்த நாளே காணாமல் போகும். அடுத்த மாதம் "அன்றைக்கு நான் வந்தேனே" என்று அவர் சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

அந்த வாரத்தின் சரியான கணக்கு

புதன்கிழமை மழையில் வேலை நின்றபோது பெரியாள் 500, இரண்டாம் சித்தாள் 300 செலவுக் காசு வாங்கியிருந்தார்கள். இப்போது எல்லாம் சேர்ந்து பட்டியல் இப்படி வருகிறது:

| ஆள் | உழைத்த கூலி | தவணை | செலவுக் காசு | கையில் |
|---|---|---|---|---|
| மூத்த கொத்தனார் | 7,200 | 1,000 | – | 6,200 |
| இளைய கொத்தனார் | 4,950 | 750 | – | 4,200 |
| பெரியாள் | 5,400 | 500 | 500 | 4,400 |
| முதல் சித்தாள் | 3,850 | 250 | – | 3,600 |
| இரண்டாம் சித்தாள் | 3,500 | – | 300 | 3,200 |
| மொத்தம் | 24,900 | 2,500 | 800 | 21,600 |

அடிவரியில் 24,900-இல் 2,500-உம் 800-உம் போனால் 21,600. கடைசிப் பத்தியை மேலிருந்து கூட்டினாலும் 21,600. இந்தச் சோதனை கூட்டல் தவறைப் பிடிக்கும். நான் செய்தது போன்ற தவறை இது பிடிக்காது, ஏனென்றால் ஆளுக்கு 500 பிடித்தாலும் மொத்தம் 21,600-தான் வரும். அதைப் பிடிப்பதற்கு இரண்டாவது சோதனை ஒன்று வேண்டும். தவணைப் பத்தியில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பி, அவர் பெயரில் அந்த அளவு பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் சித்தாளுக்கு முன்பணப் பக்கமே இல்லை. பக்கம் இல்லாதவருக்குத் தவணை இருக்க முடியாது. இதற்கு ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது.

டீ, வடை, மதியம் வாங்கிக் கொடுத்த சாப்பாடு ஆகியவை வீட்டுக்காரரின் செலவு. பிடித்தத்தில் அவற்றைக் கொண்டுவராதீர்கள்.

கைபேசியில் எழுத விரும்புகிறவர்கள் விரிதாளில் நாளை B, நாள் கூலியை C, தவணையை E, செலவுக் காசை F பத்தியில் வைத்துக்கொள்ளலாம். உழைத்த கூலி D-இலும் கையில் கொடுப்பது G-இலும் வரும்:

```
D2:  =B2*C2
G2:  =D2-E2-F2
G8:  =SUM(D2:D6)-SUM(E2:F6)-SUM(G2:G6)
```

ஐந்து பேரும் 2 முதல் 6 வரையுள்ள வரிசைகளில் இருந்தால், G8-இல் சுழி வர வேண்டும். அரை நாளை 0.5 என்றே அடியுங்கள். 1/2 என்று அடித்தால் விரிதாள் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு, கூலியை எங்கோ கொண்டுபோய்விடும். கைபேசியில் எழுதினாலும் கையெழுத்துக்கு நோட்டு வேண்டும்.

எவ்வளவு பிடிக்கலாம்

ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்தக் காலக் கூலியில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று 2019 ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. வாரக் கூலி என்றால் அந்த வாரக் கூலியில் பாதி. மேலே உள்ள பட்டியலில் கூலியோடு ஒப்பிட்டால் அதிகப் பிடித்தம் பெரியாளுக்குத்தான், 5,400-இல் 1,000. பாதிக்கு வெகு கீழே இருக்கிறது.

வரம்பு முட்டுவது மழை வாரத்தில். அடுத்த வாரம் புயல் வந்து இரண்டே நாள் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சித்தாளின் கூலி 1,400. தவணை 250. நடுவில் அவர் 600 ரூபாய் செலவுக் காசு வாங்கியிருந்தால், இரண்டும் சேர்ந்து 850, பாதியான 700-ஐத் தாண்டிவிடும். அப்போது செலவுக் காசு 600-ஐக் கழித்துவிட்டு, தவணையில் 100 மட்டும் பிடிக்க வேண்டும். மீதி 150 அவர் பக்கத்தில் பாக்கியாகவே இருக்கும், நான்கு வாரம் ஐந்து வாரமாகும், அவ்வளவுதான். மழை பெய்த வாரத்திலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். முழுத் தவணையையும் பிடித்தால் அவர் திங்களன்று மறுபடியும் உங்களிடமே கடன் கேட்டு நிற்பார், பாக்கி குறையவே குறையாது.

இடையில் ஒருவர் நின்றுவிட்டால்? இளைய கொத்தனார் அடுத்த வாரம் இரண்டு நாள் வேலை செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போகிறார் என்போம். அவர் கூலி 2,200, முன்பணப் பாக்கி 2,250. முழுவதையும் பிடித்து வெறுங்கையோடு அனுப்ப மனசு துடிக்கும். 1,100 வரைதான் பிடிக்கலாம். மீதி 1,150-ஐ எப்போது, எப்படித் தருவார் என்று மேஸ்திரி முன்னிலையில் பேசி, அவர் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய கரண்டியையும் தூக்குக்குண்டையும் பிடித்து வைத்துக்கொள்வது, முன்பணம் தீரும்வரை வேறு வேலைக்குப் போகக்கூடாது என்று தடுப்பது, இரண்டும் கூடவே கூடாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம்.

பணம் கொடுக்கும் நேரம்

வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். ஞாயிறு விடுமுறை என்றால் சனிக்கிழமை மாலை. ஆகவே வெள்ளி இரவே கணக்கை முக்கால்வாசி முடித்து, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். ஏ.டி.எம்.மில் பெரும்பாலும் 500 ரூபாய்த் தாள்களாகத்தான் வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு சில்லறை மாற்றப் பெட்டிக்கடைக்கு அனுப்பினால், வழியிலேயே கணக்குக் குழம்பும். எங்கள் 21,600-க்கு 500 ரூபாய்த் தாள் 41, 200 ரூபாய்த் தாள் 5, 100 ரூபாய்த் தாள் 1 இருந்தால் ஐந்து பேருக்கும் சரியாகப் பிரித்துவிடலாம்.

கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, அவர் வரியை வாய்விட்டுப் படியுங்கள்: "ஆறு நாள், 900 வீதம் 5,400. முன்பணத்தில் 500, புதன்கிழமை வாங்கிய 500 போக, கையில் 4,400. முன்பணப் பாக்கி 1,500." அவர் எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்து. எல்லோர் பணத்தையும் மொத்தமாக மேஸ்திரியிடம் கொடுத்து அனுப்பிவிட்டால், நீங்கள் போட்ட கணக்கு அந்த இடத்தோடு முடிந்துவிடும். அவர் மறுபடியும் தம் கணக்குப்படி முன்பணத்தைப் பிடித்தால் ஒரே தவணை இரண்டு முறை போயிருக்கும், உங்களுக்குத் தெரியவும் வராது. வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறவருக்கு அனுப்பிவிட்டு, அந்த வரியில் "கணக்கில் அனுப்பியது" என்று எழுதுங்கள். கணவர் கைபேசிக்கோ மேஸ்திரி கைபேசிக்கோ அனுப்பச் சொன்னால், அது அந்த ஆளே சொன்னதா என்று ஒரு முறை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்களன்று என்னை நிறுத்திய அக்காவுக்கு 500 ரூபாயை அன்று மதியமே கொடுத்தேன், முதல் சித்தாளுக்கு 250. மேஸ்திரியிடம் நோட்டைக் காட்டியதும், அவரும் இளைய கொத்தனாரும் தங்களுக்குக் கூடுதலாக வந்த 750-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துத்தான் நான் கொடுத்தேன். பிறகு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, நான்கு பேரின் பக்கங்களிலும் புதிய பாக்கியை எழுதினோம்: 3,000, 2,250, 1,500, 750. கூட்டினால் 7,500. முன்பணம் 10,000-இல் 2,500 கழிந்திருக்கிறது. ஒவ்வொரு திங்கள் காலையும் புதிய வாரத்தின் பக்கத்தில் கோடு போடும்முன், இந்தப் பாக்கிகளைக் கூட்டி முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நான்காவது வாரம் பாக்கி சுழியானதும் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, "தீர்ந்தது" என்று தேதியோடு எழுதி, ஆளும் நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அதன்பின் அதே ஆள் மறுபடி முன்பணம் வாங்கினால் புதிய பக்கம்.